வாரம்: கூடக் கொடுத்தாலும் கூடாத நிலம், கூடாத குரல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொருளியலில் 'வாரம்' நடத்துகிற நாளில் மட்டும் வகுப்பு முடிந்த பிறகும் நாலு பேர் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டிருப்பார்கள். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம் என்று இதைத் தொகுத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பின்னால் வருபவை முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. வாரம்னா வாடகைதானே? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு பேரு?

வீட்டுக்காரருக்கு மாதாமாதம் எண்ணிக் கொடுக்கிற பணம் வாடகை. அதில் கட்டடத்துக்குப் போட்ட முதலின் வட்டி இருக்கிறது, பழுது பார்க்கிற செலவு இருக்கிறது, அடியில் கிடக்கும் மனைக்கான பங்கும் இருக்கிறது. வாரம் என்பது அந்த மொத்தத் தொகை இல்லை. ஒரு நிலமோ ஆளோ இப்போது இருக்கிற வேலையிலேயே தொடர்ந்து இருப்பதற்குக் குறைந்தது எவ்வளவு கொடுத்தாக வேண்டுமோ, அதற்கு மேல் கிடைப்பதுதான் வாரம். அந்தக் குறைந்தபட்சத்தை மாற்று வருவாய் என்று சொல்லலாம். வேறு வேலைக்கு மாறினால் கிடைக்கக்கூடியதை வைத்து அதைக் கணக்கிடுகிறோம்.

பெயர் தொந்தரவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஏழு நாளும் வாரம், குத்தகைப் பங்கும் வாரம், இதுவும் வாரம். நிலத்தை வாரத்துக்கு விடுகிற வழக்கத்திலிருந்து வந்த சொல் பிறகு பாடகர், ஆட்டக்காரர், உரிமம் என்று எல்லாவற்றுக்கும் நீண்டுவிட்டது.

2. அந்தக் 'குறைந்தபட்சம்' எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க.

ஒரு பாடகியை எடுத்துக்கொள்வோம். மாதம் எட்டு நிகழ்ச்சி பாடுகிறார், செலவு போகக் கையில் 8 லட்சம் நிற்கிறது. பாடுவதை விட்டால் அவருக்குக் கிடைக்கக்கூடிய அடுத்த நல்ல வேலை இசை ஆசிரியர் வேலை, மாதம் 40 ஆயிரம். பாடுவதில் ஊர் ஊராக அலைச்சலும் ராக்கண் விழிப்பும் உண்டு, அதற்கு ஈடாக 10 ஆயிரம் கூட இருந்தால்தான் மேடைக்கு வருவேன் என்கிறார். ஆக 50 ஆயிரம் அவருடைய மாற்று வருவாய். மீதி ஏழரை லட்சம் வாரம்.

இப்போது அவருடைய வருமானத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். 6 லட்சமாக ஆனால் முகம் சுளிப்பார், ஆனால் பாடுவார். 2 லட்சம் ஆனாலும் பாடுவார். 60 ஆயிரத்துக்கு இறங்கினாலும் முணுமுணுத்துக்கொண்டே பாடுவார், ஏனென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போவதைவிட அதுவே மேல். 45 ஆயிரத்துக்கு வந்ததும் மைக்கை வைத்துவிட்டுப் போய்விடுவார். 50 ஆயிரத்துக்கும் 8 லட்சத்துக்கும் நடுவே எந்த எண்ணைப் போட்டாலும் ஊருக்குக் கிடைப்பது அதே எட்டு நிகழ்ச்சிகள்தான். வாரம் அளிப்பை மாற்றாது என்று சொல்வதன் பொருள் இவ்வளவுதான். அவர் விரும்பிப் பாடுகிறவராக இருந்தால் அந்த எல்லை 50 ஆயிரத்திலிருந்து 30-க்குக்கூட இறங்கலாம். அப்போது வாரம் இன்னும் பெரிசு.

3. எட்டு லட்சம் வாங்குறவருக்குப் பத்து லட்சம் கொடுத்தா இன்னும் ரெண்டு நிகழ்ச்சி பாட மாட்டாரா?

பாடலாம். அப்படிப் பாடினால், அந்த இரண்டு நிகழ்ச்சிகளை வரவழைத்த பணத்தை வாரம் என்று சொல்லக்கூடாது. அது இல்லாவிட்டால் அந்த நிகழ்ச்சிகள் நடந்திருக்காதே. வாரமா இல்லையா என்பதற்கு ஒரே சோதனைதான்: அந்தப் பணத்தை எடுத்துவிட்டால் ஏதாவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். எதுவும் குறையவில்லை என்றால் வாரம், குறைந்தால் இல்லை.

நடைமுறையில் குரலுக்கும் உடம்புக்கும் ஒரு எல்லை உண்டு. மாதம் எட்டு நிகழ்ச்சிக்கு மேல் பாடினால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்றால், அந்த இடத்தில் அளிப்புக் கோடு செங்குத்தாக எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் ஒன்பதாவது நிகழ்ச்சி கிடையாது. சிலர் நல்ல காசு வந்த பிறகு எட்டை ஆறாகக் குறைத்துக்கொள்வதும் உண்டு.

4. பாடகர் கதை சரி. நிலத்துக்கு இதை எப்படிப் பொருத்துறது?

பிரிட்டிஷ் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ போட்ட வழியில், எண்களை மட்டும் என் வசதிக்கு வைத்துச் சொல்கிறேன். ஒரே பரப்பளவுள்ள மூன்று நிலங்கள். ஒரே அளவு உழைப்பும் உரமும் போட்டால் முதல் நிலம் 20 மூட்டை கொடுக்கிறது, இரண்டாவது 15, மூன்றாவது 10. சாகுபடிச் செலவு, உழுகிறவருக்கான வழக்கமான வருமானத்தையும் சேர்த்து, 10 மூட்டையின் விலைக்குச் சமம். அப்படியானால் மூன்றாவது நிலத்தில் கைக்கும் வாய்க்கும் சரி, மிச்சம் எதுவும் இல்லை. அதுதான் விளிம்பு நிலம். முதல் நிலத்தைப் பிடிக்கக் குத்தகைதாரர்கள் போட்டி போட்டு 10 மூட்டை வரை தருவார்கள், இரண்டாவதற்கு 5. அதுவே வாரம்.

இப்போது மக்கள் தொகை கூடுகிறது, தானிய விலை ஏறுகிறது. இதுவரை யாரும் சீண்டாத, 8 மூட்டை மட்டுமே தரும் நான்காவது நிலத்தையும் உழுதால் கட்டுப்படியாகும் அளவுக்கு ஏறுகிறது. அதாவது விலை கால்பங்கு கூடி, பழைய 10 மூட்டைச் செலவை இப்போது 8 மூட்டை விற்றாலே எடுத்துவிடலாம். முதல் நிலத்தின் வாரம் 10-லிருந்து 12 மூட்டை ஆகிறது. மூட்டையின் விலையும் ஏறியிருப்பதால், பழைய விலைக் கணக்கில் அது 15 மூட்டைக்குச் சமம். வாரம் ஒன்றரை மடங்கு!

முதல் நிலம் ஒரு படி தானியமாவது கூடக் கொடுத்ததா? இல்லை. சொந்தக்காரர் வரப்பில் கால் வைத்தாரா? அதுவும் இல்லை. அவருக்கு 15 மூட்டைக்கான பணம் வந்தாலும் சரி, ஒன்றுமே வராவிட்டாலும் சரி, நிலம் அதே இடத்தில் அதே பரப்பில் கிடக்கும்.

5. நிலச் சொந்தக்காரங்க வாரம் அதிகமாக் கேக்குறதாலதானே தானிய விலை ஏறுது?

தலைகீழ். இதைத்தான் 1815-ல் பிரிட்டனில் அடித்துக்கொண்டார்கள். உள்நாட்டுக் கோதுமை விலை குவார்ட்டர் என்கிற அந்நாட்டுத் தானிய அளவு ஒன்றுக்கு 80 ஷில்லிங் ஆகும் வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்கவிடக் கூடாது என்று அந்த ஆண்டு சட்டம் வந்தது. அந்த விவாதத்தின்போதுதான் ரிக்கார்டோ, மால்தஸ், எட்வர்ட் வெஸ்ட் மூவரும் சில வாரங்களுக்குள் வாரம் பற்றிய ஏறக்குறைய ஒரே கருத்தைத் தனித்தனியாக அச்சிட்டார்கள். தானிய விலை ஏறியிருப்பதால்தான் வாரம் ஏறுகிறதே தவிர, வாரம் ஏறியதால் தானிய விலை ஏறவில்லை என்பது ரிக்கார்டோவின் முடிவு.

காரணம் 4-ம் கேள்வியில் இருக்கிறது. விலையைத் தீர்மானிப்பது கடைசியாக உழுத விளிம்பு நிலத்தின் செலவு, அந்த நிலத்துக்கோ வாரமே கிடையாது. சந்தேகம் இருந்தால் இப்படி யோசியுங்கள். எல்லாச் சொந்தக்காரர்களும் ஒரே இரவில் மனம் மாறி வாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் சந்தைக்கு வரும் மூட்டைகளின் எண்ணிக்கை மாறாது, வாங்குகிறவர்களும் அதே பேர்தான், ஆகவே விலையும் அதேதான். வாரம் குத்தகைதாரரின் பைக்குப் போகும், அவ்வளவே. இறக்குமதியைத் திறந்துவிட்டால் மட்டும் கதை வேறு. மோசமான நிலங்களை உழ வேண்டிய அவசியம் போகும், விலை இறங்கும், கூடவே வாரமும் இறங்கும். நிலக்கிழார்கள் அந்த வகைச் சட்டத்தை 1846 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது சும்மா இல்லை.

6. அப்படின்னா டிக்கெட் விலை ஏறுனதுக்கும் நட்சத்திரத்தோட சம்பளம் காரணம் இல்லைன்னு சொல்றீங்களா?

ஆமாம், பெரும்பாலும் இல்லை. அரங்கில் 5,000 இருக்கைகள். அதை நிரப்பி, அதிகமாக வசூலாகிற விலையைத்தான் நடத்துகிறவர் வைப்பார். நம் பாடகி ஒருநாள் காசே வாங்காமல் பாடினால் அவர் டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்பாரா? மாட்டார். அதே விலைக்கு விற்றுவிட்டு மிச்சத்தைத் தானே வைத்துக்கொள்வார். ரசிகர்கள் அவ்வளவு கொடுக்கத் தயாராக இருப்பதால் டிக்கெட் விலை உயர்ந்தது. அதில் பெரிய பங்கைக் கேட்டு வாங்க முடிந்ததால் சம்பளம் உயர்ந்தது.

"சம்பளம் கூடிப்போச்சு, அதனால டிக்கெட் ஏத்தினோம்" என்று கால்பந்து கிளப் நிர்வாகிகள் சொல்வதை நான் நம்புவதில்லை. ஏற்றினாலும் கூட்டம் வரும் என்று தெரிந்திருந்தால், சம்பளம் கூடுவதற்கு முன்பே ஏற்றியிருப்பார்கள்.

7. நடத்துறவருக்கு அது செலவுதானே? அவர் கணக்குப் புத்தகத்துல செலவுன்னுதானே எழுதுறாரு?

நல்ல கேள்வி, நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாற்று வருவாய் மாறும். பாட்டுத் துறை முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால் பாடகிக்கு வெளியே கிடைப்பது ஆசிரியர் வேலை, ஆகவே ஏழரை லட்சம் வாரம். ஒரே ஒரு நடத்துநரின் பக்கத்திலிருந்து பார்த்தால், இவர் 8 லட்சம் கொடுக்காவிட்டால் பக்கத்து நடத்துநர் 7.8 லட்சம் கொடுக்கக் காத்திருக்கிறார். அப்போது மாற்று வருவாய் 7.8 லட்சம், வாரம் வெறும் 20 ஆயிரம். இவருக்கு அது நிஜச் செலவுதான். சமூகம் முழுவதுக்கும் அல்ல.

நிலமும் இப்படியே. ஒரு பயிருக்கு வேண்டிய நிலத்தை வேறு பயிரிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது, எனவே அந்தப் பயிரைப் பொறுத்தவரை நிலத்தின் விலை செலவு, அளிப்பும் கூடும் குறையும். எல்லாப் பயன்களையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே நிலம் மாறாத அளவு. அதற்கும் விதிவிலக்கு உண்டு. நெதர்லாந்தில் ஃபிளேவோலாந்து என்று ஒரு மாகாணமே உள்கடல் நீரை இறைத்து எடுத்த நிலம். அப்படிச் செலவழித்து உண்டாக்கிய நிலத்துக்குக் கிடைப்பதில் செலவுக்கு ஈடான பகுதி வாரம் ஆகாது. அதனால் யாராவது 'இது வாரம்' என்றால், எந்த வட்டத்துக்குள் நின்று சொல்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

8. பெரிய காசைப் பாத்துட்டுத்தானே சின்னப் பசங்க எல்லாம் பாட வர்றாங்க? அப்ப அளிப்பு மாறுதே!

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். ஏற்கெனவே உச்சியில் இருக்கிறவரின் அளிப்பு மாறவில்லை என்பது உண்மை. ஆனால் ஏழரை லட்சம் என்கிற செய்தி கீழே இருக்கிறவர்களைப் பத்து வருடம் பயிற்சிக்கு உட்கார வைக்கிறது என்பதும் உண்மைதான்.

கணக்கைப் பாருங்கள். 100 பேர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். ஒருவருக்கு மாதம் 8 லட்சம், மீதி 99 பேருக்கு ஆளுக்கு 20 ஆயிரம். மொத்தம் 27.8 லட்சம், சராசரி 27,800. வேறு வேலையில் 40 ஆயிரம் கிடைத்திருக்கும் என்றால், துறையாகப் பார்க்கையில் இங்கே வாரமே இல்லை, பற்றாக்குறைதான். ஜெயித்தவர் கையில் இருக்கும் ஏழரை லட்சம், உள்ளே நுழையும்போது எல்லோரும் எடுத்த லாட்டரிச் சீட்டின் பரிசு. பரிசை முழுக்கப் பிடுங்கிவிட்டால் இன்றைய பாடகி பாடிக்கொண்டுதான் இருப்பார், நாளைய வரிசை மெலியும். எவ்வளவு மெலியும் என்பது, வருகிறவர்கள் காசுக்காக வருகிறார்களா பாட்டுக்காக வருகிறார்களா என்பதைப் பொறுத்தது. சராசரி 27,800 தான் என்று தெரிந்தும் வருகிறார்கள் என்றால் பாட்டு மேல் ஆசை, அல்லது 'அந்த ஒருத்தர் நான்தான்' என்கிற நினைப்பு. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பாடகர்களைக் கூட்டுகிறார்களே தவிர அந்தக் குரலைக் கூட்டவில்லை. ஒரு மனிதக் குரல் எட்டுகிற கூட்டத்துக்கு எல்லை இருக்கிறது என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் பாடகர்களைப் பற்றிச் சொன்னார். ஒலிப்பதிவு அந்த எல்லையை உடைத்துவிட்டது. ஒருமுறை பாடினால் கோடிப் பேர் கேட்கலாம். கொஞ்சம் நன்றாகப் பாடுகிறவருக்கு எப்படி ஏகப்பட்ட சந்தை போய்ச் சேருகிறது என்பதை 1981-ல் பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் விளக்கினார். பாடகியின் உழைப்பு கூடவில்லை, கேட்கிற கூட்டம் கூடியிருக்கிறது. 4-ம் கேள்வியின் முதல் நிலத்துக்கு நடந்ததும் இதுவே.

9. அப்ப பயிற்சி எடுத்துச் சம்பாதிக்கிறதுதான் 'போலி வாரமா'?

கிட்டத்தட்ட. இன்றைக்கு எடுத்தால் அளிப்பு குறையாது, ஆனால் பல வருடம் கழித்துக் குறையும் என்கிற வருமானத்துக்கு மார்ஷல் வைத்த பெயரைத்தான் தமிழில் போலி வாரம் என்கிறோம். வாங்கிப் போட்ட இயந்திரம் நல்ல உதாரணம். வரவு குறைந்தாலும், ஓட்டுகிற செலவுக்கு மேல் ஏதோ கிடைக்கும் வரை அது ஓடும், ஆனால் தேய்ந்த பிறகு புதிது வாங்க ஆளிருக்காது. அறுவை சிகிச்சை நிபுணரின் பத்து வருடப் படிப்பும் அப்படி. பிறவிக் குரல் வேறு, யாரும் செலவழித்து உண்டாக்கியதில்லை. ஒரே ஆளிடம் இரண்டும் கலந்துதான் இருக்கும், எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

10. சரி, அளிப்பு மாறாதுன்னா வாரம் முழுசையும் வரியா எடுத்துக்கலாமே?

நிலத்துக்கு இதைப் பெரிய அளவில் எடுத்துச் சொன்னவர் ஹென்றி ஜார்ஜ், 1879-ல். நிலம் ஓடிப் போகாது, ஒளித்து வைக்க முடியாது, வரி போட்டதற்காகச் சுருங்காது. கொள்கையில் சரி. சிக்கல் அளப்பதில் இருக்கிறது. மனையின் மதிப்பையும் அதன் மேல் சொந்தக்காரர் கட்டியது, மேடு திருத்தியது, வடிகால் வெட்டியது ஆகியவற்றின் மதிப்பையும் பிரித்தாக வேண்டும். பிரிக்கத் தவறி அந்த உழைப்புக்கும் வரி போட்டால் அடுத்தவர் வடிகால் வெட்ட மாட்டார்.

ஆளுக்கு இது இன்னும் கடினம். பாடகியின் 8 லட்சத்தில் பாதியை எடுத்தாலும் 4 லட்சம் மிஞ்சுகிறது, பாடுவதை நிறுத்த மாட்டார். ஆனால் நாட்டை மாற்றலாம். 7-ம் கேள்வியின் வட்டம் இங்கே திரும்பி வருகிறது. உலகம் முழுவதற்கும் வாரமாக இருப்பது, ஒரு நாட்டுக்கு வாரமாக இருக்க வேண்டியதில்லை. 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் என்கிற ஆட்டக்காரரின் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு கால்பந்தாட்டக்காரர்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கிளப் மாறுவது எளிதாயிற்று. அதற்குப் பின் எந்த நாட்டில் ஆடுவது என்பதில் வரி விகிதத்துக்கும் பங்கு உண்டு என்று ஆய்வில் தெரிந்தது. ஆட்டத்தை விடாமலே மைதானத்தை மாற்றினார்கள்.

11. நான் முழு விலை கொடுத்து நிலம் வாங்கினேன். எனக்கு வர்றது வட்டி மாதிரிதான் இருக்கு. இதுல வாரம் எங்க இருக்கு?

உங்களுக்கு விற்றவரின் பையில் இருக்கிறது. ஒரு நிலம் வருடத்துக்கு 1.2 லட்சம் வாரம் தருகிறது, நாட்டில் வட்டி 6 சதவீதம் என்றால், அதே வரவைத் தர 20 லட்சம் முதல் தேவை. ஆகவே நிலத்தின் விலை 20 லட்சத்தில் போய் நிற்கும். எதிர்கால வாரம் அத்தனையையும் மொத்தமாக முதல் சொந்தக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உங்களுக்குக் கிடைப்பது போட்ட காசுக்கு 6 சதவீதம். சமூகத்தின் கண்ணுக்கு அது இன்னும் வாரம்தான், ஏனென்றால் நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது நிலத்துக்குத் தெரியாது. நாளை அந்த வாரத்தில் பாதியை அரசு வரியாக எடுத்தால் விலை 10 லட்சமாகிவிடும். அடி முழுவதும் அன்றைக்குக் கையில் வைத்திருக்கிற உங்கள் மேல் விழும்.

இயற்கைப் பற்றாக்குறைக்கு மட்டும்தான் இது நடக்கும் என்றில்லை. நியூயார்க் நகரம் 1937 முதல் டாக்சி உரிமங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. ஓட்டுநரின் திறமையோ காரோ எதுவும் விசேஷம் இல்லை, உரிமத் தகடுதான் அரிது. அந்தப் பற்றாக்குறையின் வாரம் தகட்டின் விலையில் ஏறிக்கொண்டே போய், 2014 வாக்கில் ஒரு தகடு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. கடன் வாங்கி அந்த விலைக்கு வாங்கிய ஓட்டுநருக்கு மிஞ்சியது சாதாரணக் கூலி. பிறகு செயலி வழி வாடகைக் கார்கள் வந்து பற்றாக்குறையை உடைத்தன. வாரம் கரைந்தது, தகட்டின் விலை சரிந்தது, கடன் மட்டும் பழைய விலையிலேயே நின்றது. நாற்பது வருடம் முன்பு சல்லிசாக வாங்கி உச்ச விலையில் விற்றவர் பத்திரமாக இருந்தார்.